யார் பார்த்தாலும் ஒரே முடிவு: சின்னக் கடைக்கு பேங்க் கணக்குச் சரிபார்ப்பு முறை எழுதுவது எப்படி?

கேள்வி: எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கரண்ட் அக்கவுன்ட், கணக்கு டேலியில். மாதக் கடைசியில் பேங்க் கணக்கை ஒரு தடவை பில் போடும் அக்கா பார்க்கிறார், இன்னொரு தடவை கவுன்டர் தம்பி பார்க்கிறார். எல்லோரும் "டேலி ஆயிடுச்சு" என்கிறார்கள், ஆனால் ஒரே மாதத்துக்கு ஆளுக்கு ஓர் இருப்பு வருகிறது. யார் செய்தாலும் ஒரே முடிவு வர எப்படி எழுதிவைப்பது?

பதில்:

நான் சில கடைகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். உங்கள் ஆட்கள் பொய் சொல்லவில்லை. எல்லோருக்கும் உண்மையிலேயே டேலி ஆகியிருக்கும், வில்லங்கமே அதுதான். சரிபார்ப்புத் தாளில் "பாக்கி நிற்பவை" என்று ஒரு பகுதி இருக்கிறதல்லவா, அதில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று விட்டுவிட்டால் எந்த ஏடும் எந்த ஸ்டேட்மென்ட்டோடும் டேலி ஆகும். அதனால் எங்கே கிளிக் செய்வது என்பதை எழுதுவதைவிட, பாக்கிப் பட்டியலில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதை எழுதுவதுதான் முதல் வேலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அக்டோபர் 31 அன்று ஸ்டேட்மென்ட் இருப்பு ரூ.2,46,310. டேலியில் பேங்க் லெட்ஜர் இருப்பு ரூ.2,38,859. இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டதில் இவ்வளவும் கிடைக்கின்றன:

- சப்ளையருக்கு நாம் கொடுத்த ரூ.18,400 செக் இன்னும் பேங்குக்கு வரவில்லை.
- 31-ம் தேதி சாயங்காலம் நாம் போட்ட ரூ.12,500 செக் இன்னும் வரவு ஆகவில்லை.
- ஒரு கஸ்டமர் கொடுத்த ரூ.6,800 செக் வரவாகி, திரும்பிப் போய்விட்டது. அதற்குக் கட்டணம் 300, ஜிஎஸ்டி 54, ஆக ரூ.354.
- வேறொரு பேங்க் கட்டணம் ஜிஎஸ்டியோடு ரூ.295.
- யாரோ நெஃப்டில் ரூ.9,000 அனுப்பியிருக்கிறார். யாரென்று தெரியவில்லை.

கவுன்டர் தம்பி கட்டணங்களையும் செக் திரும்பியதையும் டேலியில் எழுதிவிட்டு, 9,000 யாருடையது என்று தெரியாததால் அதை "ஏட்டில் எழுதாத வரவு" என்று பாக்கியில் வைக்கிறார். அவர் ஏட்டு இருப்பு 2,31,410. அதோடு 18,400 கூட்டி, 12,500 கழித்து, 9,000 கூட்டினால் 2,46,310. டேலி! அக்கா அந்த 9,000-ஐ ரொக்க விற்பனை என்று எழுதிவிடுகிறார். அவர் ஏட்டு இருப்பு 2,40,410. அதோடு 18,400 கூட்டி, 12,500 கழித்தால் இங்கும் 2,46,310. அவருக்கும் டேலி. மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் இன்னொரு வேலையும் செய்வார்: ஸ்டேட்மென்ட்டில் 6,800 வந்ததும் போனதும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது என்று இரண்டையும் அடித்துவிட்டு, நம் ஏட்டில் இருக்கும் 6,800-ஐ "இன்னும் வரவு ஆகவில்லை" என்று பாக்கியில் வைப்பார். அவருக்கும் டேலி ஆகும். ஆனால் பணம் தராத கஸ்டமர், கடன் தீர்த்தவராக லெட்ஜரில் நிற்பார்.

இதில் தம்பியின் வழியையும் மூன்றாவது ஆளின் வழியையும் ஒரே விதி அடைத்துவிடும். உங்கள் தாளில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: "நாம் எழுதிவிட்டோம், பேங்க் இன்னும் செய்யவில்லை என்பது மட்டுமே பாக்கிப் பட்டியலில் வரலாம். பேங்க் செய்திருப்பதை நாம் எழுதாமல் இருந்தால், மாதத்தை மூடுவதற்கு முன் எழுதியே ஆக வேண்டும்." அப்படியானால் மேலே உள்ள ஐந்தில் பட்டியலில் தங்குபவை இரண்டு செக்குகள் மட்டும். மற்றதெல்லாம் டேலிக்குள் போக வேண்டும். சரியான ஏட்டு இருப்பு 2,40,410.

அக்காவின் பேங்க் இருப்பும் இதேதான், ஆனாலும் அவர் முடிவு தவறு. விற்பனை 9,000 கூடிப்போய், ஜிஎஸ்டி கணக்கிலும் அது ஏறிவிடும். பிறகு ஒரு கஸ்டமர் "நான்தான் அனுப்பினேன், பழைய பில்லுக்கு" என்று வந்து நிற்பார். ஆகவே இரண்டாவது விதி: அனுப்பியவர் யாரென்று தெரியாத பணம் எப்போதும் "விவரம் தெரியாத வரவு" என்ற ஒரே லெட்ஜருக்குப் போகும், ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பரிவர்த்தனைக்கு இருக்கும் யுடிஆர் எண்ணோடு. அதை அங்கிருந்து நகர்த்த முதலாளிக்கு மட்டும் அனுமதி. விவரம் தெரியாமல் போகும் பணத்துக்கும் இதேபோல் தனி லெட்ஜர். ஊழியர் யூகிக்க வேண்டிய இடமே இருக்கக்கூடாது.

அடுத்த குழப்பம் தேதி. அக்டோபர் கணக்கை ஒருவர் நவம்பர் 2-ம் தேதி பார்க்கிறார், இன்னொருவர் 10-ம் தேதி பார்க்கிறார். 10-ம் தேதி பார்ப்பவர் கண்ணுக்கு 18,400 செக் 4-ம் தேதியே பாஸ் ஆகிவிட்டது தெரியும். "வந்துருச்சே" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். அக்டோபர் 31-க்கான தாள் அங்கே கெட்டுப்போகிறது. டேலியில் Bank Date என்ற கட்டத்தில் ஸ்டேட்மென்ட்டில் உள்ள தேதியைத்தான் போட வேண்டும், உட்கார்ந்து வேலை பார்க்கும் தேதியை அல்ல. 4-11 என்று போட்டால், 31-10 வரைக்குமான அறிக்கையில் அந்தச் செக் தானாகவே பாக்கியில் நிற்கும். சில ஸ்டேட்மென்ட்டில் பரிவர்த்தனைத் தேதி, வேல்யூ தேதி என்று இரண்டு இருக்கும். எதை எடுப்பது என்று தாளில் எழுதிவிடுங்கள். நான் பரிவர்த்தனைத் தேதியை எடுக்கச் சொல்வேன், ஸ்டேட்மென்ட் இருப்பு அந்த வரிசைப்படிதான் ஓடும்.

யுபிஐயும் ஸ்வைப் மெஷினும் இதைவிடப் பெரிய தலைவலி. உங்கள் க்யூஆர் பேங்க் கணக்கோடு நேரடியாக இணைந்ததென்றால் ஒவ்வொரு வரவும் தனி வரியாக வரும். நடுவில் ஒரு பேமென்ட் நிறுவனம் இருந்தால் முழு நாள் வசூலும் ஒரே தொகையாக, பெரும்பாலும் மறுநாள் வரும். ஸ்வைப் பணம் கட்டணம் போக வரும்: 10,000 ரூபாய் தேய்த்து, கட்டணம் 1.5 சதவீதம் என்றால், 150-ம் அதற்கு ஜிஎஸ்டி 27-ம் போக 9,823 வரும். இங்கே ஒருவர் பில் தேதியில் 10,000 என்று பேங்கில் எழுதுவார், இன்னொருவர் பணம் வந்த தேதியில் 9,823 என்று எழுதி அதையே விற்பனையாக வைப்பார்.

இதற்கு நான் செய்வது: பில் போடும்போது பேங்க் லெட்ஜரைத் தொடவே கூடாது. "க்யூஆர் வர வேண்டியது", "ஸ்வைப் வர வேண்டியது" என்று இரண்டு லெட்ஜர். விற்பனை அன்றைக்கே முழுத் தொகை அங்கே போகும். பேங்கில் பணம் வந்த தேதியில், வந்த தொகை பேங்குக்கு, 150 கட்டணத்துக்கு, 27 ஜிஎஸ்டி லெட்ஜருக்கு என்று பிரித்து, அங்கிருந்து 10,000-ஐக் கழிக்க வேண்டும். மாதக் கடைசியில் க்யூஆர் லெட்ஜரில் நிற்கும் இருப்பு, பேமென்ட் நிறுவனத்தின் அறிக்கையில் இன்னும் கணக்குக்கு வராத தொகையோடு ஒத்துப்போக வேண்டும், பொதுவாக அது 31-ம் தேதி வசூலாக இருக்கும். அதைவிட அதிகமாக இருந்தால் ஏதோ ஒரு நாள் பணம் வரவில்லை, அல்லது ரொக்க பில்லை யாரோ யுபிஐ என்று தட்டிவிட்டார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். கல்லாவில் அதே தொகை கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை எதோடு பொருத்துவது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். முதலில் செக் எண் அல்லது யுடிஆர் எண். அது இல்லாவிட்டால்தான் தொகையும் பெயரும், அதுவும் மூன்று நாள் இடைவெளிக்குள். தொகையை மட்டும் பார்த்துப் பொருத்தக்கூடாது. மாதத்தில் 5,000 ரூபாய் வரவு நான்கு இருந்தால் நான்கு பேர் நான்கு விதமாகப் பொருத்துவார்கள், மொத்தம் மாறாது, பாக்கிப் பட்டியலில் தப்பான கஸ்டமர் நிற்பார். பல தொகைகளைக் கூட்டி ஒரு வரியோடு பொருத்துவதென்றால் சலானோ செட்டில்மென்ட் அறிக்கையோ கையில் இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் பலரும் தாண்டிப்போவதும் அதுதான். செப்டம்பர் தாளில் கையெழுத்துப் போட்ட ஏட்டு இருப்பு, இன்றைக்கு டேலியில் செப்டம்பர் 30-க்குக் காட்டும் இருப்போடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ பழைய தேதியில் எதையோ எழுதியிருக்கிறார்கள் அல்லது அழித்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்காமல் அக்டோபரைத் தொடக்கூடாது. அப்புறம் போன மாதப் பாக்கிப் பட்டியலில் இந்த மாதம் பேங்கில் வந்துவிட்டவற்றை முதலில் அடியுங்கள். செக் தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் பேங்க் வாங்காது. நாம் கொடுத்த செக் அப்படி நின்றால் எழுதியதைத் திருப்பி எழுதி, சப்ளையருக்கு ஒரு போன் போட வேண்டும்.

கடைசியில் வித்தியாசம் நின்றால் என்ன செய்வது? தாளில் நேராக எழுதுங்கள்: "ஒரு ரூபாயாக இருந்தாலும் ரவுண்ட் ஆஃப் போடக்கூடாது. வித்தியாசத்தை அப்படியே எழுதி முதலாளியிடம் கொடுக்கவும்." சின்ன வித்தியாசம் என்பது இரண்டு பெரிய தப்புகள் எதிரெதிராக நிற்பதாகவும் இருக்கலாம். தேடும்போது, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்று பாருங்கள், 5,400-ஐ 4,500 என்று அடித்தால் 900 வரும். வித்தியாசத்தின் பாதித் தொகையில் ஒரு பதிவு இருந்தால் வரவைப் பற்றில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இவ்வளவும் ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். எழுதியதும், ஏற்கெனவே முடிந்த ஒரு மாதத்தை எடுங்கள். அந்த மாதத்துக்கான சரிசெய்தல் பதிவுகள் போடுவதற்கு முந்தைய டேலி பேக்கப்பை இரண்டு கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு பேரிடம் அதே ஸ்டேட்மென்ட்டையும் இந்தத் தாளையும் கொடுத்து, பேசிக்கொள்ளாமல் செய்யச் சொல்லுங்கள். பிறகு மூன்றை ஒப்பிடுங்கள்: ஏட்டு இருப்பு, பாக்கிப் பட்டியலின் ஒவ்வொரு வரி, புதிதாகப் போட்ட பதிவுகள் எந்தெந்த லெட்ஜரில் விழுந்தன. இருப்பு மட்டும் ஒத்துப்போனால் போதாது, அக்காவின் 9,000 மாதிரி விஷயங்கள் மூன்றாவதில்தான் பிடிபடும். இரண்டு பேர் எங்கே பிரிகிறார்களோ, அங்கே உங்கள் தாளில் ஒரு வரி குறைகிறது. அதைச் சேர்த்துவிட்டு, வேறொரு மாதத்தைக் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். செக் திரும்பியதும் ஸ்வைப் பணம் நிறைய வந்ததும் உள்ள மாதமாகப் பார்த்து எடுங்கள், அமைதியான மாதத்தில் எந்தத் தாளும் பாஸ் ஆகிவிடும்.