பழைய மாத்திரைக்கும் புதிய மாத்திரைக்கும் நடுவில் ஏன் 36 மணி நேரம்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. இதயச் செயலிழப்புக்காக இரண்டு வருடமாக எனலாப்ரில் 10 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறார். இப்போது டாக்டர் அதை நிறுத்திவிட்டு சாகுபிட்ரில்–வால்சார்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுவில் 36 மணி நேரம் இரண்டுமே போடக் கூடாது என்கிறார். இதயம் பலவீனமாக இருப்பவர் ஒன்றரை நாள் மாத்திரை இல்லாமல் இருக்கலாமா? இரவு பழையதைப் போட்டுவிட்டு மறுநாள் காலையே புதியதைத் தொடங்கினால் என்ன?

பதில்: மறுநாள் காலையே தொடங்க வேண்டாம். டாக்டர் சொன்ன 36 மணி நேரத்தில் ஒரு வேளையைக்கூடக் குறைக்காதீர்கள். இந்த மாற்றத்தில் தவறு நேர்ந்தால் ஆபத்து இதயத்துக்கு வருவதைவிட முதலில் தொண்டைக்குத்தான் வரும்.

நம் உடலில் பிராடிகைனின் என்று ஒரு பொருள் எப்போதும் சுரந்துகொண்டிருக்கிறது. ரத்தக் குழாய்களை விரிப்பதும், அவற்றின் சுவர் வழியே நீர் கசிய விடுவதும் அதன் வேலை. அளவு மீறினால் உதடு, நாக்கு, தொண்டை ஆகியவை வீங்கும். அது மீறாமல் பார்த்துக்கொள்ளச் சில நொதிகள் அதை உடனுக்குடன் சிதைத்துவிடுகின்றன. அவற்றில் முக்கியமான இரண்டு, ஏஸ் என்ற நொதியும் நெப்ரிலைசின் என்ற நொதியும். அப்பா இதுவரை சாப்பிட்ட எனலாப்ரில், ஏஸ் நொதியைத் தடுக்கும் மருந்து. புதிய மாத்திரையில் உள்ள சாகுபிட்ரில், நெப்ரிலைசினைத் தடுப்பது. ஒரு வாசல் அடைபட்டால் பிராடிகைனின் மற்ற வாசல் வழியே வெளியேறிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் அடைபட்டால் தேங்கிவிடும்.

இது வெறும் ஊகமல்ல. இரண்டு நொதிகளையும் ஒரே மாத்திரையால் தடுக்கலாம் என்று ஓமாபாட்ரிலாட் என்ற மருந்தைச் செய்து பார்த்தார்கள். ரத்த அழுத்தம் உள்ள 25,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில், எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 0.68 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட வீக்கம் வந்தது. ஓமாபாட்ரிலாட் சாப்பிட்டவர்களில் அது 2.17 சதவீதம், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். சிலருக்கு மூச்சுப்பாதையே அடைபடும் நிலை வந்தது. அந்த மருந்து விற்பனைக்கு வரவில்லை. அந்தப் பாடத்தால்தான் சாகுபிட்ரிலுடன் ஏஸ் தடுப்பானைச் சேர்க்காமல் வால்சார்டனைச் சேர்த்தார்கள். வால்சார்டன், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் போய் ஒட்டும் இடத்தை மறைக்குமே தவிர, ஏஸ் நொதியைத் தொடுவதில்லை. பிராடிகைனினுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கும்.

சரி, ஏன் 36 மணி நேரம்? மாத்திரையை நிறுத்திய கணத்தில் அதன் வேலை நின்றுவிடாது. எனலாப்ரில் உடலுக்குள் எனலாப்ரிலாட்டாக மாறித்தான் வேலை செய்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 36 மணி நேரத்தில் மூன்று முறைக்குச் சற்று மேலாகவே பாதியாகி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். 12 மணி நேரம் கழித்துத் தொடங்கினால் கிட்டத்தட்டப் பாதி மருந்து உள்ளே இருக்கும்போதே சாகுபிட்ரில் போய்ச் சேர்கிறது.

உங்கள் முதல் கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த ஒன்றரை நாளில் அப்பா மருந்தே இல்லாமல் இருக்கப் போவதில்லை. பழைய மருந்தின் பிடி படிப்படியாகத்தான் தளரும். 2014-இல் வெளியான, 8,000 பேருக்கு மேல் பங்கேற்ற பாரடைம் ஆய்விலும் எனலாப்ரிலை ஒரு நாள் நிறுத்தி வைத்த பிறகுதான் இந்த மருந்தைத் தொடங்கினார்கள். பீட்டா பிளாக்கர், நீர் மாத்திரை போன்ற மற்ற மருந்துகளை இந்த இடைவெளியிலும் வழக்கம்போலவே கொடுங்கள். பலர் "எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்" என்று புரிந்துகொண்டு நீர் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் அதனால்தான் வருகின்றன.

அப்பாவுக்கு நாள் கணக்கு இப்படி வரும். கடைசி எனலாப்ரில் திங்கள் இரவு 8 மணிக்கு என்று வையுங்கள். செவ்வாய் முழுவதும் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. புதன் காலை 8 மணிக்கு முதல் மாத்திரை. அவர் நாளொன்றுக்கு 20 மி.கி. எனலாப்ரில் எடுத்தவர் என்பதால் வழக்கமான ஆரம்ப அளவு 100 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. இதே மாத்திரையைச் சில பெட்டிகளில் 49/51 என்று அச்சிட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தாலோ ரத்த அழுத்தம் குறைவாக இருந்தாலோ டாக்டர் 50 மி.கி.யில் தொடங்கியிருப்பார். அதை நீங்களாகக் கூட்ட வேண்டாம். முதல் சில நாட்கள் எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம், மெதுவாக எழச் சொல்லுங்கள். ஓரிரு வாரத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது அந்த 36 மணி நேரத்தை அல்ல, வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையை. இரண்டு வாரம் கழித்து யாரோ பழக்கத்தில் அதை மாத்திரை டப்பாவில் நிரப்பிவிடுகிறார்கள். அதனால் மருந்தை மாற்றும் நாளிலேயே பழைய அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். நீங்களும் திங்கள் இரவே அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். ரத்த அழுத்தத்துக்கான கூட்டு மாத்திரைகளிலும் இந்த வகை மருந்து ஒளிந்திருக்கும். பெயர் 'ப்ரில்' என்று முடிகிறதா என்று பாருங்கள்: ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில். (பெயர் 'ட்ரில்' என்று முடிந்தாலும் சாகுபிட்ரில் அந்தக் குடும்பம் இல்லை.) செவ்வாய்க்கிழமை மறந்துபோய் ஒரு எனலாப்ரில் போட்டுவிட்டால், அந்த நேரத்திலிருந்து மீண்டும் 36 மணி நேரம் எண்ண வேண்டும். புதியதைத் தொடங்கிய பிறகு பழையது உள்ளே போய்விட்டால், அடுத்த வேளை எதையும் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வீக்கத்தை எப்படி அடையாளம் காண்பது? சாதாரண அலர்ஜியில் அரிப்பும் தடிப்பும் இருக்கும். இதில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. உதடு அல்லது நாக்கு ஒரு பக்கமாகத் தடிக்கும், குரல் மாறும், எச்சில் விழுங்கச் சிரமப்படும். அலர்ஜி மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள், பிராடிகைனின் வீக்கத்துக்கு அது கேட்பதில்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போய், இந்த மருந்தின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எனலாப்ரில் சாப்பிட்ட காலத்திலேயே எப்போதாவது உதடு வீங்கியிருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு எத்தனை நாள் இடைவெளி விட்டாலும் இந்த மருந்து கூடாது.

லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற 'சார்டன்' மருந்திலிருந்து மாறுபவர்களுக்கு இந்த இடைவெளி தேவையில்லை. பழையதை நிறுத்தி, அடுத்த வேளைக்குப் புதியதைத் தொடங்கலாம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, அவ்வளவுதான். பின்னால் ஏதோ காரணத்தால் அப்பாவை மறுபடி எனலாப்ரிலுக்கே மாற்ற நேர்ந்தால், அப்போதும் கடைசிச் சாகுபிட்ரில் மாத்திரையிலிருந்து அதே 36 மணி நேரம் பொறுக்க வேண்டும்.