ரீலோட் கணக்கும் மீற்றர் கணக்கும்

அண்ணை, கொக்குவிலில் மாடி வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் பிரீபெயிட் சப் மீற்றர் பூட்டியிருக்கிறார். முந்தி 2000 ரூபா 20 நாள் வரும், இப்ப 14 நாள்தான். மீற்றர் வேகமாக ஓடுதோ?

காசை விடுங்கள் தம்பி, யுனிற்றைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் 2000 ரூபாவுக்கு இரண்டு முறையும் 50 யுனிற்தான் ஏறியிருக்கிறது. அப்போ விலை மாறவில்லை.

28 நாளுக்கு முன் மிச்சம் 18, ரீலோட் 100, இப்போது மிச்சம் 17. போனது 101. மீற்றரின் மொத்த வாசிப்பும் 1462 இலிருந்து 1563 வரை, அதே 101. கழிக்கிற கணக்கு சுத்தம். மீற்றர் சரியாக அளக்கிறதா என்பது இதில் தெரியாது, அது வேறு சோதனை.

முன்பு 28 நாளுக்கு 70 யுனிற் எடுத்த வீடு. நாளுக்கு ஒரு யுனிற்றுக்குக் கொஞ்சம் மேலே கூடியிருக்கிறது. ஒரு குதிரை வலு கிணற்று மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் மோட்டர் மிதவையில் தானாக ஓடுவது என்றீர்கள். இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் வாசிப்பைக் குறியுங்கள். ஆட்கள் தூங்கும்போதும் மோட்டர் ஓடினால் தண்ணீர் எங்கோ போகிறது. முதலில் கழிப்பறைத் தாங்கிக்குள் சொட்டு நீலம் விடுங்கள். அரை மணித்தியாலம் தண்ணீர் இழுக்காமல் பாருங்கள், கோப்பைக்குள் நீலம் இறங்கினால் கள்ளன் அங்கேதான். எங்கள் வீட்டில் ஒரு ரப்பர் வாசர் மூன்று மாதம் எங்களை ஏமாற்றியது.

எல்லா பிரேக்கரையும் இறக்கிய பிறகும் மீற்றர் லைற் சிமிட்டினால் மீற்றர் பழுதுதானே?

பாதி சரி. மெயின் சுவிச்சையும் இறக்கிப் பார்த்தீர்களா? அதற்குப் பிறகும் சிமிட்டினால், மீற்றருக்கும் மெயினுக்கும் இடையில் யாரோ வயர் எடுத்திருக்கலாம், அல்லது மீற்றர்தான். சிமிட்டாமல் சும்மா எரிந்துகொண்டு நின்றால் பல மீற்றர்களில் ‘பாவனை இல்லை’ என்று அர்த்தம். திறந்து பார்க்க வேண்டாம், வயர்மனைக் கூப்பிடுங்கள்.

எனக்கு தண்ணிப் பில் கூடிப்போச்சு. மீற்றருக்குள் நீலம் விடலாமோ?

ஐயோ அக்கா, மீற்றருக்குள் அல்ல! குழாய் எல்லாம் பூட்டிவிட்டு மீற்றரின் சின்னச் சக்கரத்தை ஒரு மணித்தியாலம் கவனியுங்கள். சுற்றினால் ஒழுக்கு. உங்களுடையது மாதம் முடிந்து வரும் பில், அதனால் ரீலோட் கணக்கு பொருந்தாது.

வீட்டைப் பூட்டிக் கொழும்பு போனேன். 9 நாளில் மிச்சம் 6 யுனிற் குறைஞ்சது, மொத்த வாசிப்பு 1 தான் கூடியது.

இதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கணக்கு. 5 யுனிற் பாவனையில்லாமல் கழிந்திருக்கிறது. நாளாந்தக் கட்டணம் ஏதும் போட்டு வைத்திருக்கலாம், பழைய பாக்கியைப் பிடித்திருக்கலாம். அடுத்த முறை வெளியே போனால், யாரையாவது தினமும் ஒரே நேரத்தில் மிச்சத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சமமாக இறங்குகிறதா, ஒரே நாளில் விழுகிறதா என்று தெரிந்தால்தான் நான் ஏதும் சொல்லலாம்.