பால் சுட்டாத ஒருமையும் தமிழ் வினைமுற்றும்: வாசகர் கேள்விகள்

கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக்கப்பட்ட ஒரு பழைய வீட்டின் விதிகளை மொழிபெயர்க்கிறேன். சாவியைத் தொலைக்கும் விருந்தினரை ஆங்கில மூலம், ஆணா பெண்ணா என்று காட்டாமல் ஒருவரையே குறிக்கும் ‘they’ என்ற சொல்லால் சுட்டுகிறது. ‘அவன் அல்லது அவள்’ என்று எழுதலாமா?

வேண்டியதில்லை. ‘சாவியைத் தொலைக்கும் விருந்தினர் உடனே வரவேற்பறையில் தெரிவிக்க வேண்டும்’ என்று எழுதினால் போதும். தொலைக்கும் என்ற பெயரெச்சமும் ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘லாம்’ போன்ற முடிவுகளும் பால் காட்டுவதில்லை. விதிகளின் பெரும்பகுதியை இவற்றைக் கொண்டே எழுதிவிடலாம்.

ஆணென்றோ பெண்ணென்றோ தன்னைக் குறிப்பிட விரும்பாத சாம் என்ற கல்லூரி மாணவர் ஒரு நாவலில் வருகிறார். எங்கள் காரைக்குடிப் பக்கம் ஒருவரையே ‘அவுக வந்தாக’ என்கிறோமே, அதேபோல் ‘அவர்கள் வந்தார்கள்’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது என்பதே என் கருத்து. ‘அவுக’ என்னும்போது யாரைப் பற்றிய பேச்சு என்பது கேட்பவருக்குத் தெரியும். அதோடு வயதுக்கும் உறவுக்கும் உரிய மரியாதையும் அதில் சேர்ந்தே வருகிறது. அச்சில் ‘சாம் கதவைத் திறந்தார். அவர்கள் சோர்வாக இருந்தார்கள்’ என்று படிப்பவர், அறைக்குள் வேறு சிலரும் இருப்பதாகவே எண்ணுவார். ஐயமிருந்தால் மூலத்தைக் காட்டாமல் அந்தப் பத்தியை ஒருவரிடம் கொடுத்து, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கதைசொல்லியின் நடைக்கு ‘அவர்’, ‘திறந்தார்’ என்பவையே பொருந்தும். இடர்ப்பாடு உரையாடலில்தான் வருகிறது. வகுப்புத் தோழி ‘சாம் என் பேனாவை எடுத்தார், திருப்பியே தரமாட்டார்’ என்று சொன்னால், சாம் அவளுடைய ஆசிரியர் போல ஒலித்து நெருக்கம் கெட்டுவிடும். அங்கே வினைமுற்றையே தவிர்த்து, ‘என் பேனா சாம் கையிலதான் இருக்கு. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கமே கிடையாது’ என்று எழுதுங்கள். ‘வரவில்லை’, ‘சாமுக்குத் தெரியும்’, ‘தன் அறை’ ஆகியவையும் பால் காட்டாதவை. தொடர்ந்து பல செயல்கள் வந்தால், ‘ஓடி, தடுக்கி விழுந்து, எழுந்து’ என்று வினையெச்சங்களாகக் கோத்துவிடலாம். கடைசி வினைக்கு மட்டுமே முடிவு தேட வேண்டியிருக்கும். ஆனால் பக்கம் முழுவதும் இப்படியே எழுதினால் நடை திணறும் என்பதால், இந்த உத்தியை உரையாடலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சாமை வளர்த்த ஆச்சி பேசும் இடத்திலும் ‘அவுக’ வேண்டாம். பேரப்பிள்ளையை ‘பிள்ளை வந்திருச்சு’ என்று சொல்வது அவருக்கு இயல்பு, அதிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை.

யாரென்றே தெரியாத ஒருவருக்கு?

இங்கே மட்டும் பன்மை முடிவு இயல்பானது. தட்டுபவர் ஒருவரே ஆனாலும் ‘யாரோ கதவைத் தட்டுகிறார்கள்’ என்பதே நம் வழக்கு. கதவைத் திறந்து ஆளைப் பார்த்த பிறகு ‘அவர்’ என்று ஒருமைக்கு மாறிவிடுங்கள்.