காவியும் சந்நியாசமும்

ஐயா, வணக்கம்.

என் சித்தி மகனுக்கு 27 வயது. எட்டு மாதமாக ரிஷிகேசத்தில் இருக்கிறான். காவி கட்டியிருக்கும் படம் அனுப்பினான். சித்தி அழுதபடியே இருக்கிறாள். அவன் சந்நியாசி ஆகிவிட்டானா, இனி திரும்ப முடியாதா? கையில் காசில்லாமல் அங்கே எப்படிச் சாப்பிடுகிறார்கள்? யார் போடுகிறார்கள், எதற்காக?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

எட்டு மாதத்தில் முறையான சந்நியாசம் கிடைப்பது மிக அரிது. காவித் துணி ரிஷிகேசக் கடைத்தெருவில் யாருக்கும் கிடைக்கும். ஆகவே தம்பியிடம் முதலில் கேளுங்கள்: குரு யார், எந்த மடம் அல்லது அகாடா என்னும் துறவியர் அமைப்பு, துறவுச் சடங்கான விரஜா ஹோமம் ஆயிற்றா? மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். திரும்பி வர எந்தத் தடையும் இல்லை. முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சங்கரர் பெயரில் வரும் தசநாமி மரபை எடுத்துக்கொள்கிறேன். கிரி, புரி, பாரதி, சரஸ்வதி, தீர்த்தர், ஆசிரமர், வனம், ஆரண்யர், பர்வதர், சாகரர் என்று பத்துப் பெயர்கள். ஜூனா, நிரஞ்சனி, மகாநிர்வாணி போன்ற சைவ அகாடாக்கள் ஏழும் இதற்குள் வருபவை. ஒருவர் வந்து சேர்ந்ததும் குரு விசாரிப்பார்: கடன் உண்டா, வழக்கு உண்டா, மனைவி மக்கள் உண்டா, பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? பிறகு பாத்திரம் தேய்ப்பது, மாடு பார்ப்பது, குருவுக்குப் பணிவிடை என்று ஆண்டுகள் போகும். ராமகிருஷ்ண மடம் போன்ற இடங்களில் பிரம்மச்சரிய தீட்சையே சில ஆண்டுகள் கழித்துத்தான். சந்நியாசத்துக்குப் பத்து ஆண்டு நெருங்கிவிடும்.

அகாடாவில் இடைப்படி ஒன்று உண்டு. ஐந்து குருமார் கூடி ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். முதன்மை குரு குடுமியை அறுப்பார். மற்றவர்கள் விபூதி, ருத்திராட்சம், கோவணம், காவி போன்றவற்றைத் தருவார்கள். இதற்குப் பிறகும் அவர் முழுச் சந்நியாசி அல்லர். முழுத் தீட்சை பெரும்பாலும் கும்பமேளாவில், அகாடாவின் தலைமை குருவான ஆசாரிய மகாமண்டலேஸ்வரர் கையால் நடக்கும். நாகா என்னும் ஆடை துறந்த சாதுவாக விரும்புகிறவருக்கு அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. ஹரித்துவாரில் தீட்சை பெற்ற நாகாவை 'பர்ஃபானி' என்பார்கள், உஜ்ஜயினியில் பெற்றவரை 'கூனி' என்பார்கள். பெயரிலேயே எந்தக் கும்பம் என்று தெரிந்துவிடும்.

அந்தத் தீட்சையின் நடுப்பகுதி ஈமச்சடங்குதான். முழுக்க மழித்து, உச்சியில் சில மயிர் மட்டும் விட்டு, ஆற்றில் குளிக்க வேண்டும். தேவர், ரிஷி, பித்ரு என்று எட்டு வகைச் சிராத்தம் செய்வார்கள்; எட்டாவது ஆத்ம சிராத்தம். தன் பிண்டத்தைத் தானே வைக்க வேண்டும். இரவில் விரஜா ஹோமம். நெய்யும் சரு என்ற வேள்விச் சோறும் சமித்தும் இட்டு, பிராணன் முதல் தோல், சதை, எலும்பு வரை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இவை தூய்மையாகட்டும்' என்று ஆகுதி செய்வார்கள். விடியுமுன் ஆற்றில் நின்று பூணூலையும் மிச்சக் குடுமியையும் தண்ணீரில் விட்டு, 'சந்நியஸ்தம் மயா', அதாவது 'என்னால் துறக்கப்பட்டது' என்று மூன்று முறை சொல்ல வேண்டும்: முதலில் மெதுவாக, பிறகு நடுக்குரலில், பிறகு உரக்க. எல்லா உயிர்களுக்கும் என்னால் அச்சம் வேண்டாம் என்று அபயமும் கொடுப்பார். அம்மணமாக வடக்கு நோக்கிச் சில அடி நடப்பவரை குரு கூப்பிட்டு நிறுத்தி, கோவணமும் காவியும் கமண்டலமும் தந்து, மகாவாக்கியம் சொல்லி, புதுப்பெயர் வைப்பார்.

நீதிமன்றங்களும் இந்தச் சடங்கைத்தான் பார்க்கின்றன. காவி கட்டியதும் ஊர் 'சாமி' என்று கூப்பிட்டதும் போதாது. துறவுக்குரிய சடங்கு முடிந்ததைக் காட்ட வேண்டும். காட்டினால் பிறந்த குடும்பத்தோடு அவருடைய சொத்துறவு அறுந்துபோகும். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், துணை உலகைத் துறந்து ஒரு துறவு அமைப்பில் சேர்ந்துவிட்டால் மற்றவர் மணவிலக்குக் கேட்கலாம். தம்பிக்குப் பெயரில் நிலமோ வங்கிக் கடனோ இருந்தால், சடங்குக்கு முன்பே அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.

இனிச் சோறு. ஹோமத்தோடு சந்நியாசி அக்கினியையும் விடுகிறார்; அதனால் தனக்கென்று சமைக்கக் கூடாது. (நாகாக்கள் தம் முன் வளர்க்கும் துனி நெருப்பு வேறு வழக்கு.) எனவே அவருக்கு அரிசி கொடுத்துப் பயனில்லை, சமைத்த உணவே கொடுக்க வேண்டும். அடுப்புப் புகை அடங்கி, உலக்கை ஓய்ந்து, வீட்டார் சாப்பிட்டு முடித்த பிறகே பிச்சைக்குப் போக வேண்டும் என்கிறது மனு ஸ்மிருதி. எந்த வீட்டுக்கும் பாரமாகக் கூடாது என்று ஐந்து அல்லது ஏழு வீட்டில் ஒவ்வொரு பிடி வாங்குவதற்கு மாதுகரி என்று பெயர்.

வீடு வீடாகப் போவது மலையடிவாரத்தில் நடக்காது. வீடுகள் குறைவு, சாதுக்கள் அதிகம். அதற்குத்தான் அன்னக்ஷேத்திரங்கள் வந்தன. கறுப்புக் கம்பளியோடு திரிந்ததால் 'காலி கம்லி வாலா' என்று பெயர் பெற்ற சுவாமி விசுத்தானந்தர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரிஷிகேசத்திலிருந்து பத்ரி, கேதாரம் போகும் வழியெங்கும் சோறும் தங்க இடமும் கிடைக்க ஏற்பாடு செய்தார். பணம் பெரும்பாலும் மார்வாடி வணிகர்களுடையது. பணம் க்ஷேத்திரத்துக்குப் போகும், சாதுவுக்கு ரொட்டியும் பருப்பும் வரும். கொடுத்தவர் யாரென்று உண்பவருக்குத் தெரியாது. யாருக்கும் அவர் கடமைப்படுவதும் இல்லை.

இரண்டாவது வழி பண்டாரா. விருந்து வைக்க விரும்புகிறவர் ஆசிரமத் தலைவரான மகந்திடம் போய், எத்தனை 'மூர்த்தி' என்று பேசுவார். சாதுக்களை அங்கே அப்படித்தான் எண்ணுவார்கள். ஆசிரமங்களுக்கு எண்ணிக்கை சொல்லி அழைப்புப் போகும். வரிசையாக உட்கார்ந்து, பல இடங்களில் கீதையின் 15ஆம் அத்தியாயம் சொல்லி, பிறகு சாப்பிடுவார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழுவதில்லை. கடைசியில் துணியும் தட்சிணையும் உண்டு. மகந்தைக் கேட்காமல் நேரே தெருவில் கொடுக்கத் தொடங்கினால், தள்ளுமுள்ளு ஆகி, வயதானவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகும்.

மூன்றாவது, மழைக்காலம். ஆஷாட மாதப் பௌர்ணமியில் வியாச பூஜை செய்து, சாதுர்மாஸ்யம் என்ற நான்கு மாத விரதத்துக்கு ஓரிடத்தில் அமர்வார்கள். ஒரு பட்சத்தை ஒரு மாதமாகக் கணக்கிட்டு நான்கு பட்சம், அதாவது இரண்டு மாதம். மழையில் புழுபூச்சிகளை மிதித்துக் கொல்லக் கூடாதென்பதே காரணம். அந்த நாட்களுக்கான செலவை அழைத்த ஊர் ஏற்கும். சிருங்கேரி, காஞ்சி மடங்களின் சாதுர்மாஸ்யம் நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான்.

எதற்காகப் போடுகிறார்கள் என்று கேட்டீர்கள். புண்ணியம் ஒரு காரணம். இன்னொன்று, சாதுவைப் பற்றிச் சொல்ல அவருக்குப் பின்னால் ஒரு குருவும் மடமும் இருப்பது. புதிதாக வருகிறவரிடம் அகாடா, மடி, குரு பெயர் கேட்பார்கள். மடி என்பது அகாடாவின் உட்கிளை. உளறினால் பந்தியில் இடமில்லை. குருவில்லாமல் காவி கட்டியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். க்ஷேத்திரத்தில் ஒருவேளை ரொட்டி கிடைக்கலாம். தங்க அறை கிடைக்காது, காய்ச்சல் வந்தால் கேட்க ஆளிருக்காது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோருக்குப் பதில் குருவின் பெயரைப் போட 2016 டிசம்பர் முதல் விதி இடம் தருகிறது. ஆனால் ஆதார் போன்ற ஓர் ஆவணத்தில் அந்தக் குருவின் பெயர் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

நோய்தான் இந்த வாழ்க்கையின் பலவீனமான இடம். 1901இல் விவேகானந்தரின் சீடர் கல்யாணானந்தர் ஹரித்துவாரை ஒட்டிய கன்கலில் நோயுற்ற சாதுக்களுக்காக ஒரு சேவாசிரமம் தொடங்கினார். மலமூத்திரம் துடைத்ததற்காக மற்ற சாதுக்கள் அவரையும் அவரோடு சேவை செய்த நிச்சயானந்தரையும், மலம் அள்ளும் சாது என்ற பொருளில், 'பங்கி சாது' என்று ஒதுக்கினார்கள். இருவரும் நிறுத்தவில்லை. அந்த மருத்துவமனை இன்றும் நடக்கிறது. தம்பிக்கு அந்த இடத்தைச் சொல்லிவையுங்கள். சித்தி ஏதாவது அனுப்ப விரும்பினால், குளிருக்கு முன் கனமான கம்பளி ஒன்று அனுப்பட்டும்.