ஷூவைக் கழற்றிவிட்டு ஓடும் பையன்

"என் மகனுக்கு எட்டு வயது. கால் கிடுகிடுவென்று வளர்கிறது. ஒரு வருடமாவது வரட்டும் என்று பள்ளிக்கு இரண்டு சைஸ் பெரிதாக, விலை அதிகமான தோல் ஷூ வாங்கி, முனையில் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டு நேரத்தில் மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறானாம். அடுத்த முறையும் இப்படி உறுதியானதாக வாங்கலாமா, விலை குறைந்ததே போதுமா?"

ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவன் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஷூவில் என்னால் ஓட முடியவில்லை என்று அவன் தினமும் சொல்கிறான். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஓடும்போது பாதம் மடங்குவது விரல்கள் தொடங்கும் இடத்தில். ஷூவும் அங்கேதான் மடங்க வேண்டும். இரண்டு சைஸ் பெரிதானால் அந்த மடிப்பு முன்னால் தள்ளிப் போய்விடும். பஞ்சு முன்பக்கத்தை அடைக்குமே தவிர, மடிப்பை இடம் மாற்றாது, குதிகாலையும் பிடித்து வைக்காது. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே நழுவும். ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரல்களைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பான். சாக்ஸின் குதிகால் பக்கம் நைந்திருக்கிறதா, அங்கே தோல் சிவந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

வலித்தால் சொல்லியிருப்பான் என்று நினைக்காதீர்கள். அந்த வயதில் பாத எலும்புகள் முழுதாக இறுகியிருக்காது. ஷூ அளவு தப்பினாலும் கால் அதற்கு வளைந்து கொடுத்துவிடும். கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்பான். வீட்டில் பணம் இறுக்கமாக இருந்தால் அந்தச் சுமை பெரியவர்களுடையது. அதைப் பிள்ளையின் காலில் கட்டி அனுப்பக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, அளவு எடுப்பதைப் பார்ப்போம். மாலையில் எடுங்கள், நாள் முழுக்க நடந்த கால் சற்று உப்பியிருக்கும். பள்ளிக்குப் போடும் சாக்ஸோடு, குதிகால் சுவரில் படும்படி ஒரு தாளின் மேல் நிற்க வையுங்கள். உட்கார்ந்தால் பாதம் விரியாது. மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள், சில பிள்ளைகளுக்கு அது இரண்டாவது விரலாக இருக்கும். இரண்டு காலையும் அளந்து பெரியதையே கணக்கில் எடுங்கள். 19.5 செ.மீ. வந்தால், ஷூவின் உள்நீளம் 20.5 செ.மீ.யை ஒட்டி இருக்கட்டும். இடைவெளி 1 செ.மீ., கிட்டத்தட்ட உங்கள் சுண்டுவிரல் அகலம். நீங்கள் வாங்கியதில் இதற்கு மேல் இரண்டு சைஸ் இருந்தால், சைஸுக்கு சுமார் 8 மி.மீ. வீதம், முனையில் இரண்டரை செ.மீ. சும்மா கிடக்கும்.

கடையில் சைஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுக்க முடிந்தால், அதன் மேல் அவனை நிற்க வையுங்கள். இடைவெளி கண்ணுக்கே தெரியும். ஆகவே கடைக்கு அவனையும் கூட்டிப் போங்கள்.

அந்த 1 செ.மீ.யில் பாதி, நடக்கும்போது விரல் முன்னால் நகர்வதற்கு வேண்டும். வளர்ச்சிக்கு மிஞ்சுவது அரை செ.மீ. இந்த வயதில் பாதம் வருடத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், உங்கள் மகனுக்கு இன்னும் வேகமாகக்கூட இருக்கலாம். அப்படியானால் சரியாகப் பொருந்தும் ஷூ ஆறு மாதம் வரும், அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. இரண்டு வருடம் உழைக்கும் தோலுக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்? அந்தப் பணத்தில் பாதி விலைக்கு இரண்டு ஜோடி, ஆறு மாத இடைவெளியில் வாங்குங்கள்.

விலை குறைவு என்றால் எதுவும் சரி என்று அர்த்தமில்லை. குதிகால் பக்கத்தை இரு விரலால் அழுத்தினால் நசுங்கக்கூடாது. வளைத்தால் நடுவில் மடங்காமல் விரல் பக்கத்தில் மடங்க வேண்டும். லேஸோ வெல்க்ரோவோ, பாதத்தை இறுக்கிப் பிடிக்க ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மேல்பாகம் தோலா ரெக்ஸினா என்று கவலைப்படாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள். இடைவெளி அரை செ.மீ.க்குக் கீழே போனால், ஷூ புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இப்போது இருக்கும் தோல் ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம். பஞ்சை எடுத்துவிட்டு, துடைத்துக் காயவைத்து, முனையில் காகிதம் சுருட்டி வைத்து அலமாரியில் ஏற்றுங்கள். கால் அந்த அளவுக்கு வரும்போது போடட்டும். அதுவரைக்கும் வேறு ஜோடி வாங்குங்கள், இந்த வாரமே. கடையில் அதைப் போட்டுக்கொண்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடச் சொல்லி, குதிகாலைப் பின்னாலிருந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.