நூறு நாள் கழிச்சு என்ன கிழமை?

"வெள்ளிக்கிழமை குறுவை விதைச்சோம். அன்னைக்கே 1000 நாள் தவணைக்குக் கடனும் வாங்கினோம். 100 நாள், 1000 நாள் கழிச்சு என்ன கிழமை வரும்?"

அண்ணே, ஏழால வகுத்து மீதியை மட்டும் பாருங்க. 100-ல 98 முழு வாரமாப் போயிடும், மீதி 2. வெள்ளிக்கு ரெண்டு நாள் தள்ளி ஞாயிறு. 1000-ல 994 போனா மீதி 6. ஆறு நாள் தள்ளி எண்ணுறதுக்குப் பதிலா வெள்ளியிலிருந்து ஒரு நாள் பின்னோக்கி வந்துடலாம்: வியாழன்.

சரிபார்க்கணுமா? 2023-ல மேட்டூர் அணை திறந்த ஜூன் 12 திங்கள். நூறு நாள் கழிச்சு செப்டம்பர் 20, புதன்.

ஆனா வம்பு எங்கேன்னா, விதைச்ச அன்னைக்கே ஒண்ணுன்னு எண்ணுற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. அப்போ 'நூறாம் நாள்' 99 நாள்தான் தள்ளி வரும். மீதி 1, சனி. கடன் பத்திரத்துல வாங்கின நாளையும் சேர்த்திருந்தா கெடு புதனே முடிஞ்சிடும், பார்த்துக்குங்க.