டென்னிசனின் ‘இன் மெமோரியம்’: ஐயப்படுவது யார்?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ‘இன் மெமோரியம்’ கவிதையில் வரும் ஐயம், நம்பிக்கை பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். டென்னிசன் கடவுளை நம்பினாரா, இல்லையா என்று நானே முடிவு கட்டாமல் எப்படி எழுதுவது?

‘நண்பர் ஹாலம் 1833-இல் இறந்தார், டென்னிசன் நம்பிக்கை இழந்தார், பிறகு மீட்டெடுத்தார்’ என்ற கதையைத்தான் உங்களுக்கும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் அந்தக் கதையை ஒப்புக்கொள்ளாததற்காகவே நெடுநேரம் விசாரிக்கப்பட்டேன் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

தேர்வாளர் மேற்கோள் காட்டியது 96ஆம் பகுதியின் புகழ்பெற்ற வரிகள்: சமயக் கோட்பாடுகளில் பாதியைக் காட்டிலும் நேர்மையான ஐயத்தில் அதிக நம்பிக்கை வாழ்கிறது. “இதைவிடத் தெளிவாகக் கவிஞர் தம் கொள்கையைச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். அந்தப் பகுதியை முதல் வரியிலிருந்து படிக்க அனுமதி கேட்டுப் படித்தேன். தண்ணீரில் மூழ்கும் ஈக்களுக்காகவும் இரங்கும் நீலக்கண் பெண் ஒருத்தி, ஐயம் சாத்தானிடம் பிறந்தது என்கிறாள். அதில் ஏளனம் இல்லை. பேசுபவர் முதலில் சொல்லும் பதில், ‘எனக்குத் தெரியாது’ என்பதே. அதன் பிறகுதான், தாம் அறிந்த ஒருவர் ஐயங்களோடு போராடி வலுப்பெற்றதைச் சொல்கிறார். அந்த ஒருவர் ஹாலம் என்றே பெரும்பாலோர் கொள்கின்றனர். புகழ்பெற்ற வரிகள் அந்தப் பதிலின் நடுவே, ‘என்னை நம்பு’ என்ற வேண்டுகோளோடு வருகின்றன. ஆக, அங்கே பேசப்படும் ஐயம் இறந்த நண்பருடையது. பேசுபவர் அவருக்காக வாதாடுகிறார். எதிரே மறுக்கும் ஒருத்தி நிற்கிறாள். இந்த மூவரையும் நீக்கிவிட்டு அந்த வரிகளைக் கவிஞரின் வாக்குமூலமாக்கினால், கவிதை செய்திருக்கும் வேலை முழுவதும் மறைந்துபோகிறது.

உங்கள் கட்டுரையையும் இவ்வாறே ஒரு பகுதியை எடுத்து, யார், யாரிடம், எதற்கு மறுமொழியாகப் பேசுகிறார் என்று கேட்டுத் தொடங்குங்கள். 54ஆம் பகுதி இதற்கு மிகவும் ஏற்றது. தீமையின் முடிவிலும் எப்படியோ நன்மை வரும் என்று ‘நாம்’ நம்புவதாக அது தொடங்குகிறது; பகுதி முடியும்போது அந்த ‘நாம்’ மறைந்து, இருளில் வெளிச்சம் கேட்டு அழும் குழந்தையாக, அழுகையைத் தவிர வேறு மொழியில்லாத ‘நான்’ மட்டும் மிஞ்சுகிறது. ஊரோடு சேர்ந்து சொல்ல முடிந்த நம்பிக்கையைத் தனியாகச் சொல்ல முடியவில்லை என்பதே அங்கே நிகழ்வது; அதை எழுத டென்னிசனின் மனத்துக்குள் நுழையத் தேவையே இல்லை. ஆனால் ‘டென்னிசன்’ என்று எழுதிய இடத்திலெல்லாம் ‘பேசுபவர்’ என்று மாற்றிவிடுவது மட்டும் போதாது. மாற்றிய வாக்கியத்தில் மீண்டும் கவிஞர் பெயரைப் போட்டாலும் எதுவும் கெடவில்லையென்றால், நீங்கள் எழுதியிருப்பது இன்னும் வாழ்க்கை வரலாறுதான்.

இழப்பிலிருந்து மீட்சி என்ற வரிசையையும் அப்படியே ஏற்காதீர்கள். பகுதிகள் பல ஆண்டுகளாக எழுதப்பட்டு, பின்னர் அடுக்கப்பட்டு, 1850-இல் ஆசிரியர் பெயரின்றி நூலாயின. நிரூபிக்க இயலாததை நம்பிக்கையால் பற்றுவதாகச் சொல்லும் முகப்புப் பாடல் 1849 என்று தேதியிடப்பட்டது. பிந்தி எழுதியது முந்தி நிற்கிறது. எனவே அந்த வரிசையைக் கவிதையின் அமைப்பு என்று எழுதலாம். ஒரு மனிதரின் மனமாற்ற நாட்குறிப்பு என்று எழுத முடியாது.

கவிஞரின் வாழ்க்கையை முற்றிலும் விலக்கச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். இக்கவிதை தம்மைவிட அதிக நம்பிக்கை கொண்டது என்று டென்னிசன் கூறியதாக அவருடைய நண்பரும் இதழாசிரியருமான ஜேம்ஸ் நோல்ஸ் 1893-இல் பதிவு செய்தார். கவிதையின் ‘நான்’ எப்போதும் ஆசிரியரே அல்லர், மனித குலத்தின் குரல் அவர் வழியாகப் பேசுவது என்று டென்னிசன் குறிப்பிட்டதை அவர் மகன் எழுதிய 1897ஆம் ஆண்டு வாழ்க்கை வரலாறு தருகிறது. இரண்டையும் நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவை 1892-இல் கவிஞர் மறைந்த பிறகு பிறர் வெளியிட்டவை என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். நோல்ஸின் பதிவை நம்பினால், அது கவிதைக்கும் கவிஞருக்கும் இடையே உள்ள தூரத்துக்கே சான்றாகிறது. வாய்மொழித் தேர்வில் இதைச் சொன்னபோது, “அப்படியானால் அவர் நம்பவில்லை என்கிறீர்கள்” என்று என் வாதத்தைத் திருப்பினார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த முடிவுக்கும் அதே அளவு சான்று வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒற்றை வரியில் ‘கவிஞரின் கருத்து’ எழுதித் தரும் தேர்வுக் கையேடுகளே இந்தப் பழக்கத்தை ஆசிரியர்களிடமும் வளர்த்துவிட்டன என்பது என் நெடுநாள் வருத்தம்.